மண்ணீரல் ஆபரேஷன்: தடுப்பூசி முன்னாடியா, பின்னாடியா?

நெல்லை சரவணன்: தங்கச்சிக்கு 26 வயசு, ஐடிபின்னு பிளேட்லெட் குறையுற ரத்தநோய். ஸ்டீராய்டு குறைச்சா பிளேட்லெட் இறங்கிடுது. ஜூலை 28 லேப்ராஸ்கோப்பில மண்ணீரல் எடுக்க தேதி குடுத்துருக்காங்க. மூணு தடுப்பூசி எழுதிக் குடுத்து முன்னாடியே போட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. வீட்ல பெரியவங்க எல்லாம் முடிஞ்ச பிறகு போட்டுக்கலாம்னு சொல்றாங்க. எத்தன வாரம் இடைவெளி விடணும்?

குமரேசன்: தம்பி, ஆபரேஷன் பக்கத்துல இருக்கும்போது ஊசியே வேணாம்ப்பா. என் மச்சானுக்கு ஹெர்னியா ஆபரேஷன், ரெண்டு நாள் முன்னாடி ஏதோ ஊசி போட்டுட்டுப் போனான், அட்மிஷன் அன்னைக்கு காலைல 101 காய்ச்சல், மயக்க டாக்டர் பாத்துட்டு இது ஊசிக் காய்ச்சலா இல்ல உள்ள இன்ஃபெக்ஷனான்னு எனக்குத் தெரியாது, இன்னைக்கு மயக்கம் குடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு. ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் கழிச்சு நிதானமா போடுங்க.

வார்டு அக்கா: குமரேசன் அண்ணே, ஹெர்னியாவுக்கு நீங்க சொன்ன காய்ச்சல் பிரச்சனை நெசம்தான். ஆனா இங்க எடுக்கப் போறது மண்ணீரலை, கணக்கு அப்படியே மாறிடும். நான் ரத்தநோய் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். எழுதிக் குடுத்த மூணும் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஊசியாத்தான் இருக்கும். இந்த மூணு கிருமிக்கும் மேல வழவழன்னு ஒரு உறை உண்டு, ரத்தத்துல சுத்துற அந்த மாதிரி கிருமிய வடிகட்டிப் பிடிக்கிறது மண்ணீரல்தான், அதுக்கு எதிர்ப்புப் பொருள் தயார் பண்றதுலயும் அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால அது உள்ள இருக்கும்போதே ஊசியப் போட்டு உடம்புக்கு அவகாசம் குடுக்கணும். குறைஞ்சது ரெண்டு வாரம். சரவணன், உங்க கணக்குல ஜூலை 14தான் கடைசி நாள். அதுக்கு முன்னாடி எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது.

குமரேசன்: அப்ப ஆக்ஸிடென்ட்ல மண்ணீரல் கிழிஞ்சு ராத்திரியோட ராத்திரியா எடுக்குறாங்களே, அவங்களுக்கெல்லாம் பின்னாடிதானே போடுறாங்க? அவங்க நல்லாத்தானே இருக்காங்க?

வார்டு அக்கா: அவங்களுக்கு வேற வழி இல்லண்ணே. அதுலயும் மறுநாளே போடாம 14 நாள் கழிச்சுப் போடுறதுக்குக் காரணம், பெரிய காயத்துல இருந்து உடம்பு தேறி வந்தாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும். திரும்ப வரமாட்டாங்கன்னு சந்தேகம் இருந்தா டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே போட்டு அனுப்புவோம், ஒண்ணுமே இல்லாம போறதுக்கு அது மேல். சரவணனுக்கு 26 நாள் கையில இருக்கு, அத ஏன் விடணும்?

தேன்மொழி கோவை: எங்கப்பாவுக்கு முட்டி மாத்தினப்ப 7 வாரம் தள்ளிப் போட்டாங்க, கோவிட்னால. அதனால எந்த ஊசிக்கும் 7 வாரம்னு வெச்சுக்கோங்க, அதான் சேஃப்.

வார்டு அக்கா: தேனு, அது கோவிட் *வந்தவங்களுக்கு* சொன்ன கணக்கு. நுரையீரல் தேறணும், ரத்தம் உறையுற ஆபத்து குறையணும்னு தள்ளினாங்க. ஊசி போட்டதுக்கு 7 வாரம் யாரும் சொல்லல. சாதாரண ஆபரேஷன்னா ஃப்ளூ மாதிரி உயிரில்லாத ஊசிக்கு ரெண்டு மூணு நாள், சிலர் ஒரு வாரம்னு வெப்பாங்க, காய்ச்சல் குழப்பம் தீரத்தான். குழந்தைகளுக்குப் போடுற எம்எம்ஆர் மாதிரி உயிருள்ள ஊசிக்கு மூணு வாரம், ஏன்னா அதோட காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் வரும்.

நெல்லை சரவணன்: அக்கா ரொம்ப நன்றி. இன்னைக்கு ஜூலை 2, ஞாயித்துக்கிழமை எல்லாம் ஒண்ணா போட்டுறலாமா? பிளேட்லெட் கம்மியா இருக்கே, ஊசி குத்தலாமா? ஸ்டீராய்டு வேற 30 மில்லிகிராம் ஓடுது.

வார்டு அக்கா: ஒவ்வொண்ணா சொல்றேன். பிளேட்லெட் கம்மின்னா மெல்லிசான ஊசில போட்டுட்டு பஞ்ச வெச்சுத் தேய்க்காம ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், தேய்ச்சா கையில நீலமா கட்டி வந்துரும். ஆனா எண்ணிக்கை என்னன்னு டாக்டர் பாத்துட்டுத்தான் போடச் சொல்லுவாரு, சிபிசின்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டுப் போங்க.

ஒரே நாள்ல வேற வேற இடத்துல மூணையும் போடலாம், ஆனா மெனிங்கோகாக்கல் ஊசியோட பிராண்டக் கேளுங்க. மென்வியோன்னா நியூமோகாக்கல் பிசிவியோட அன்னைக்கே போடலாம். மெனாக்ட்ரான்னா பிசிவிக்கு அப்புறம் நாலு வாரம் தள்ளணும், ரெண்டையும் சேத்தா பிசிவியோட பலன் குறையும்னு மண்ணீரல் இல்லாதவங்களுக்குச் சொல்லுவாங்க. 5ஆம் தேதி பிசிவி போட்டா நாலு வாரம் ஆகஸ்ட் 2, அப்ப ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாம் நாள், ஆபரேஷனுக்கு அப்புறம் 14 நாள் விடணும்னா இன்னும் தள்ளி 11ஆம் தேதிக்குப் போகும். அதனால மென்வியோ இருக்கான்னு நாளைக்கே விசாரிங்க. அடுத்து எட்டு வாரம் கழிச்சு, அதாவது ஆகஸ்ட் 30 வாக்குல, மெனிங்கோகாக்கல் ரெண்டாவது டோஸும் 23 வகை நியூமோகாக்கல் ஊசியும். இந்த ரெண்டாவது சுத்தத்தான் நிறைய பேர் மறந்துர்றாங்க.

டாக்டர் ஆகப்போறவன்: ஸ்டீராய்டு 30 ஓடுறப்ப ஊசி எடுபடாதே அக்கா, மொதல்ல அதக் குறைச்சுட்டுப் போட்டாத்தானே பிரயோஜனம்? நான் சொல்றது ஆபரேஷனையே ஒரு மாசம் தள்ளலாமே.

வார்டு அக்கா: எடுபடாதுன்னு முழுசா சொல்ல முடியாதுப்பா, கொஞ்சம் குறைவா எடுபடலாம். குறைச்சா பிளேட்லெட் இறங்குதுன்னுதான் அவரே எழுதிருக்காரு, இறங்கினா ரத்தக்கசிவு. எங்க வார்டுல ஒரு டாக்டர் உங்க மாதிரியே தள்ளச் சொல்லுவாரு, இன்னொருத்தர் இருக்குற நிலைல போடுன்னு சொல்லுவாரு. எனக்கு ரெண்டாவது சரின்னு படுது. ஆனா சரவணன், ரிட்டுக்ஸிமாப்னு ஒரு ட்ரிப் ஏதாவது போட்டாங்களா? போட்டு ஆறு மாசம் ஆகலன்னா ஊசிக்கு பலன் ரொம்ப கம்மி, அத கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

நெல்லை சரவணன்: ரிட்டுக்ஸிமாப் போடல அக்கா. ஸ்டீராய்டு மட்டும்தான்.

குமரேசன்: சரி, மண்ணீரலுக்கு முன்னாடின்னு வெச்சுக்குவோம். ஆனா 14ஆம் தேதி வரைக்கும் இழுக்காதீங்க, ஊசில காய்ச்சல் வந்தாலும் இறங்க நாள் இருக்கணும். என் பயம் இன்னும் அதுதான்.

வார்டு அக்கா: அது நியாயம்ண்ணே. அதனாலதான் 5ஆம் தேதின்னேன். சரவணன், ஆபரேஷனுக்கு அப்புறம் 100.4 தாண்டி காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தா ஊசி போட்டாச்சேன்னு வீட்ல உக்காராதீங்க, ஒரு நாளைக்குள்ளயே ஆளச் சாய்ச்சுரும், நேரா கேஷுவாலிட்டி. வீட்ல வெச்சுக்க ஆன்டிபயாடிக் எழுதித் தரச் சொல்லி டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு வாங்குங்க. நாய் கடிச்சாலும் அதே அவசரம்தான்.

நெல்லை சரவணன்: மென்வியோ டவுன்ல ரெண்டு கடைல இல்ல. மூணாவது கடைல திங்கக்கிழமை வரும்னாங்க. அதாவது 6ஆம் தேதி, அது ஓகேவா அக்கா?

வார்டு அக்கா: 6 ஓகே, 22 நாள் இருக்கு. கடைக்காரர்கிட்ட ஐஸ் பாக்ஸ்ல வாங்கி நேரா கிளினிக்குக்குக் கொண்டு போங்க, ஃப்ரீசர்ல மட்டும் வெக்காதீங்க, உறைஞ்சா ஊசி கெட்டுப் போயிரும்.