மூல மொழி தெரியாத நிரலைப் பைத்தானுக்கு மாற்ற உதவி தேவை

கோவை வாடிக்கையாளர் ஒருவர் பழைய நிரலை .txt கோப்பாக அனுப்பி, "பைத்தானுக்கு மாத்திக் கொடுங்க" என்றார், அவ்வளவுதான். எந்த மொழி என்று கேட்டால், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வியாழக்கிழமைக்குள் தர வேண்டும்.

மாறி அறிவிப்புகள் இருந்திருக்க வேண்டிய முதல் பக்கமே இல்லை. வரித் தொடக்க இடைவெளிகளும் போய்விட்டன. சிக்கல் இங்கே:

```
K = N / 2
A(K) = A(K) + 1
```

N 7 என்றால், ஃபோர்ட்ரானில் K 3. கியூபேசிக்கில் K 3.5, அது சுட்டெண்ணாகும்போது 4 ஆகிவிடும். கூட்டல் வேறு பெட்டியில் விழும், பிழைச்செய்தியும் வராது.

`GOTO` வரிகளைப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே மாதிரிதான். பழைய வெளியீடு கேட்டேன், இல்லையாம்.

ஃபோர்ட்ரானா கியூபேசிக்கா என்று உறுதிசெய்ய, மீதிக் கோப்பில் எந்த அடையாளத்தைத் தேடுவது?