ஓடிய பிறகு எண்ணிய நாடித்துடிப்பு, கயிறு தாண்டிய பிறகு எண்ணியதைவிடக் குறைவாக வருகிறது: எங்கே தவறு?

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ராயபுரம்

வணக்கம். ராயபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வெவ்வேறு அசைவுகளுக்குப் பிறகு நாடித்துடிப்பை அளந்து, முடிவுகளை எல்லோரும் சேர்ந்து ஒரே சார்ட் தாளில் வரையும் செயல்பாட்டைச் சென்ற வாரம் 32 பிள்ளைகளுடன் செய்தோம். அமர்ந்திருக்கும்போது ஒரு முறையும், மெதுவாக நடந்த பிறகு, 20 தோப்புக்கரணம் போட்ட பிறகு, ஒரு நிமிடம் கயிறு தாண்டிய பிறகு, மைதானத்தை இரண்டு சுற்று ஓடிய பிறகு ஒவ்வொரு முறையுமாக, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார்கள்.

வகுப்பின் சராசரி, அதே வரிசையில், 90, 98, 110, 122, 103 என்று வந்தது. முதல் நான்கும் எதிர்பார்த்தபடியே ஏறின. ஓட்டத்துக்கு வந்ததும் கோடு சரிந்துவிட்டது. "ஓடினால் இதயத்துக்கு ஓய்வு கிடைக்குமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எண்ணியதில் தவறு என்றால் ஓரிருவருக்கு மட்டும் தானே வர வேண்டும்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படியே வந்திருக்கிறது.

கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி

பிள்ளைகள் ஓடவில்லை, உலாவியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்ச வேகம் கிடைக்கும். 11 வயதுப் பிள்ளைக்கு அது 209. உண்மையாக ஓடியிருந்தால் அதில் பாதிக்கும் கீழே, 103-இல் நிற்க வாய்ப்பே இல்லை. மேலும், நாங்கள் மைதானத்தில் முழு நிமிடம் எண்ணுவதில்லை. பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கிக்கொள்வோம். அடுத்த முறை விசில் ஊதி, விரட்டி ஓட வையுங்கள், கோடு தானாக ஏறும்.

ஒரு தாய், எண்ணூர்

இதே போன்ற செயல்பாட்டை என் மகனின் பள்ளியிலும் செய்தார்கள். அவனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100 வந்தது, அதுவும் சீராக இல்லாமல் சில துடிப்புகள் நெருக்கமாகவும் சில தள்ளியும் வருகின்றன. ஆசிரியை சொல்லும் 90 சராசரியோடு ஒப்பிட்டால் இது நோயின் அறிகுறியா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

முதலில் எண்ணூர் அம்மாவுக்கு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அமர்ந்த நிலையில் 70-இலிருந்து 110 வரை வருவது வழக்கம்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், வெளியே விடும்போது தளர்வதும் பிள்ளைகளிடம் நன்றாகவே தெரியும். உங்கள் மகனின் துடிப்பு மூச்சோடு சேர்ந்துதான் மாறுகிறதா என்று அவனை மெதுவாக மூச்சு விடச் சொல்லிப் பாருங்கள். மயக்கம், நெஞ்சு வலி, விளையாடும்போது மற்றவர்களைவிட விரைவில் களைத்துப்போவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி ஆசிரியைக்கு. பதில் சொல்வதற்கு முன் எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். நேரம் பார்த்த கடிகாரம் எங்கே இருந்தது? ஓட்டம் முடிந்ததற்கும் எண்ணத் தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் கடந்தது? எந்த விரலால் நாடி பார்த்தார்கள்?

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ராயபுரம்

கடிகாரம் தரைத்தளத் தாழ்வாரச் சுவரில் இருக்கிறது. நடை, தோப்புக்கரணம், கயிறு மூன்றும் அதே தாழ்வாரத்தில்தான் நடந்தன. ஓட்டம் மட்டும் பின்பக்க மைதானத்தில். ஓடிய பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு நடந்து வந்து (சிலர் வழியில் தண்ணீரும் குடித்தார்கள்), இணையோடு உட்கார்ந்து, நாடியைத் தேடிப் பிடித்த பிறகே எண்ணினார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். விரலைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. பலர் கட்டைவிரலை வைத்திருந்ததைப் படங்களில் இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

அப்படியென்றால் பிள்ளைகள் நன்றாகவே ஓடியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் இறங்கியிருப்பது ஓட்டத்தின் அளவன்று, மைதானத்துக்கும் கடிகாரத்துக்கும் இடையே உள்ள தூரம். அசைவு நின்ற கணத்திலிருந்தே நாடி இறங்கத் தொடங்கிவிடும், அதுவும் முதல் நிமிடத்தில்தான் மிக விரைவாக இறங்கும், பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரமாகவே இறங்கும். நீங்கள் எண்ணத் தொடங்கும்போது பாதி வழி இறங்கிவிட்ட நாடியைத்தான் எண்ணியிருக்கிறீர்கள்.

இதே காரணத்தால் கயிறு தாண்டியதற்கு வந்த 122-உம் உண்மையைவிடக் குறைவு. முழு நிமிடம் எண்ணுவது அமர்ந்திருப்பவருக்குச் சரியான முறை, ஏனெனில் அப்போது நாடி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. இறங்கிக்கொண்டிருக்கும் நாடியை ஒரு நிமிடம் எண்ணினால் மேட்டையும் பள்ளத்தையும் கலந்து ஒரே எண்ணாக எழுதுகிறோம். பயிற்சியாளர் ஐயா குறுகிய நேரம் எண்ணச் சொன்னது இந்த வகையில் சரிதான். ஆனால் 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு பெரியவர்களுக்காக வந்தது. பிள்ளைகளின் உச்சம் 200-ஐ ஒட்டியே இருக்கும், வயது ஏற ஏற ஆண்டுக்கு ஒன்றாகக் குறைவதில்லை. அந்த எண்ணைத் தொட வேண்டும் என்று பிள்ளைகளை விரட்ட வேண்டாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நாளையே சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு பிள்ளையைக் கயிறு தாண்டச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன்பே ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும், கட்டைவிரலின் அடிப்பக்கம் மணிக்கட்டில் நாடியைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நின்றவுடன் தேட வேண்டியிருக்காது. எண்ணுபவரின் கட்டைவிரல் வேண்டாம், அதற்குச் சொந்தத் துடிப்பு இருப்பதால் இரண்டும் குழம்பும். கழுத்தில் நாடி எளிதாகக் கிடைக்கும் என்றாலும் பிள்ளைகள் அங்கே அழுத்திவிடுவார்கள், அதனால் தவிர்த்துவிடுங்கள். நின்ற நொடியிலிருந்து 15 விநாடிக்கு ஒரு முறை எண்ணிக்கையை எழுதிக்கொண்டே ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ராயபுரம்

இன்று செய்தோம். அமர்ந்த நிலையில் 88 இருந்த மாணவனுக்கு, கயிறு தாண்டி நின்றவுடன் நான்கு துண்டுகளில் 37, 32, 28, 26 என்று வந்தன. கூட்டினால் 123, அதாவது நாங்கள் சென்ற வாரம் எழுதியதைப் போன்ற எண். முதல் துண்டை மட்டும் நான்கால் பெருக்கினால் 148. கடைசித் துண்டு நிமிடத்துக்கு 104, அது அப்படியே எங்கள் "ஓட்டம்" நின்ற இடம்! பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்து, "ஓட்டத்தை எண்ணவில்லை டீச்சர், திரும்பி நடந்து வந்ததை எண்ணியிருக்கிறோம்" என்றார்கள்.

கணித ஆசிரியர், திருவொற்றியூர்

வரைபடத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். அமர்தல், நடை, தோப்புக்கரணம், கயிறு, ஓட்டம் ஆகியவை தனித்தனி வகைகள். நடைக்கும் தோப்புக்கரணத்துக்கும் நடுவில் எதுவும் இல்லாதபோது இரண்டையும் கோட்டால் இணைத்தால், இல்லாத ஒன்றைப் படம் சொல்லிவிடும். கோடு பொருந்தும் இடம் இன்று நீங்கள் எடுத்த நான்கு துண்டுகள்தான், ஏனெனில் அங்கே நேரம் தொடர்ந்து ஓடுகிறது.

சராசரியை மட்டும் பட்டையாக வரைவதற்கும் நான் ஒப்பமாட்டேன். வகைக்கு ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணுக்கு நேராக ஒட்டும் பொட்டு ஒன்றை ஒட்டட்டும். 32 பொட்டுகளும் கண்ணெதிரே இருந்தால், ஒருவருடைய எண் ஏன் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். இன்னொன்றையும் கவனிப்பார்கள்: 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 100, 104, 108 என்றுதான் வரும், 102 யாருக்கும் வராது. ஒரு துடிப்பைத் தவறவிட்டாலே 4 மாறும். பத்து விநாடி முறையில் அதுவே 6. முதல் துடிப்பைப் பூச்சியம் என்று எண்ணத் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் 4 கூடிவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

கடைசியாகச் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, ஐயா. துடிப்பு விழும்போதே கடிகாரத்தைத் தட்டுபவர் பூச்சியத்திலிருந்து தொடங்குவது சரி. இங்கே ஆசிரியை "தொடங்கு" என்று சொல்கிறார், அந்தச் சொல் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அப்போது சொல்லுக்குப் பின் வரும் முதல் துடிப்பே ஒன்று.

கணித ஆசிரியர், திருவொற்றியூர்

ஆசிரியை ஒருவரே நேரம் சொல்லும் முறையில் நீங்கள் சொல்வது பொருந்தும். இணைகள் தாங்களே ஸ்டாப்வாட்சை இயக்கினால் நான் சொன்னதுதான். எதுவாயினும் வகுப்பு முழுவதும் ஒரே முறையாக இருக்க வேண்டும்.

கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி

இவ்வளவு சிரமம் எதற்கு? கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. விரலில் மாட்டினால் எண்ணைக் காட்டிவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

அமர்ந்திருப்பவருக்குக் காட்டும். அது கடந்த சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது, விரல் அசைந்தால் தடுமாறும், பெரியவர் விரலுக்கான கருவி சிறு விரலில் சரியாகப் பிடிக்காது. நாடி விரைவாக இறங்கும் அந்த முதல் 15 விநாடிக்குள் அது நிலைக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். விரலால் எண்ணியதைச் சரிபார்க்க வேண்டுமானால் அமர்ந்த நிலையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ராயபுரம்

முழு வகுப்பையும் மறுபடி அளந்துவிட்டோம். இம்முறை ஓட்டத்தின்போது இணையும் மைதானத்திலேயே நின்றார், நான் ஸ்டாப்வாட்சோடு நடுவில் நின்று எல்லோருக்கும் ஒரே குரலில் நேரம் சொன்னேன். இளைப்புத் தொந்தரவு உள்ள ஒரு மாணவி ஓடாமல் எண்களைக் குறித்துக்கொண்டாள். சராசரி 89, 101, 118, 145, 151.

பொட்டு ஒட்டிய பிறகு வேறு சிக்கல் தெரிகிறது. கயிறு, ஓட்டம் இரண்டின் பொட்டுகளும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. சராசரியில் உள்ள 6-ஐ நம்பி, ஓட்டம்தான் அதிகம் என்று எழுதலாமா? ஓட்டத்தின் பத்தியில் ஒரு மாணவனின் பொட்டு மட்டும் மிக உயரத்தில், 184-இல் நிற்கிறது.

கணித ஆசிரியர், திருவொற்றியூர்

எழுத வேண்டாம். பொட்டுகள் இவ்வளவு கலந்திருக்கும்போது, ஒரே ஒரு துடிப்பின் பிழை 4 ஆகும் முறையில் 6 என்பது பெரிய வேறுபாடில்லை. ஒரு நிமிடக் கயிற்றையும் இரண்டு சுற்று ஓட்டத்தையும் சம உழைப்பு என்று எப்படிச் சொல்வது என்பது தனிக் கேள்வி, அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

184 இருந்த மாணவன் ஓடுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான்? எண்ணிய விரல் எது? ஒவ்வொரு அசைவுக்கும் முன் அவன் நாடி பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்த்தீர்களா?

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ராயபுரம்

பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே வரிசையில், கயிறு முடிந்து நான்கு நிமிடத்தில் ஓட்டத்துக்குப் போனார்கள். அவன் அந்த நான்கு நிமிடமும் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான் என்று இணை மாணவன் சொல்கிறான். வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், பாதி குழுக்கள் ஓட்டத்தை முதலில் செய்யும்படி வரிசையை மாற்றி, ஒவ்வொருவரும் தன் அமர்ந்த நிலை எண்ணுக்குத் திரும்பிய பிறகே அடுத்த அசைவுக்குப் போகும்படி செய்யப்போகிறேன். அவனுடைய பொட்டைச் சார்ட்டிலிருந்து எடுக்கவில்லை; பக்கத்தில் "பந்து" என்று மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறோம்.