பவர் பேங்கில் லேப்டாப் சார்ஜ்: உங்களுக்கு எப்படி அமைந்தது?

வைகைக்கரை

போன மாதம் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து எனக்கு ஒரு வேலையை முடித்து அனுப்ப வேண்டிய கெடு. வீட்டில் போனுக்கு வாங்கிய 20000 எம்ஏஎச் பவர் பேங்க் இருந்தது. மேலே பெரிதாக 22.5 வாட் என்று போட்டிருக்கும். லேப்டாப்பின் டைப் சி ஓட்டையில் செருகினேன். சார்ஜ் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. பிடுங்கிப் பிடுங்கிச் செருகியும் அதே கதைதான்.

அப்புறம்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சி போர்ட்டுக்கு நேரே 5, 9, 12 வோல்ட் மட்டும் இருந்தது. என் லேப்டாப் அடாப்டரில் இருப்பதோ 20 வோல்ட், 3.25 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். கேட்கிற வோல்ட்டே அங்கே இல்லாதபோது லேப்டாப் என்ன செய்யும்?

அடுத்த வாரம் 65 வாட் பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். இதுவும் 20000 எம்ஏஎச்தான். 12 சதவீதத்தில் செருகி வேலை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் பவர் பேங்க் காலி, லேப்டாப் 80இல் நின்றது. இவ்வளவுதானா, இல்லை என்னை ஏமாற்றிவிட்டார்களா?

டீக்கடை பெஞ்ச்

ஏமாற்றிவிட்டார்கள் நண்பரே. என் லேப்டாப் பேட்டரி 3500 எம்ஏஎச். 20000ஐ 3500ஆல் வகுத்தால் ஐந்து தடவைக்கு மேல் ஏற வேண்டும். போலிச் சரக்காக இருக்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சால்டரிங் சண்முகம்

பெஞ்ச் அண்ணே, கணக்குப் போட்டது சரி, எடுத்த எண்தான் தப்பு. பவர் பேங்க்குக்குள் இருக்கும் செல் 3.7 வோல்ட். உங்கள் லேப்டாப் பேட்டரி 15 வோல்ட் பக்கம் இருக்கும். ஒன்று டம்ளர், மற்றது சொம்பு. எத்தனை என்று எண்ணிப் பார்த்து ஒப்பிட முடியாது. வாட் அவர் பாருங்கள், இரண்டிலும் அச்சிட்டிருப்பார்கள். 20000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர் அவர், அதை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட் அவர்.

வைகைக்கரை, உங்கள் லேப்டாப் பேட்டரி எத்தனை வாட் அவர்? சும்மா எழுதிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது?

வைகைக்கரை

பேட்டரி 54. பிரவுசரும் எடிட்டரும் திறந்திருந்தால் 13 வாட் சுமாருக்கு.

சால்டரிங் சண்முகம்

அப்படியானால் ஏறிய 68 சதவீதம் ஏறக்குறைய 37 வாட் அவர். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நீங்கள் வேலை பார்த்துத் தின்றது 16. ஆக மொத்தம் 53. மீதி 21 எங்கே போனது என்றால், 3.7ஐ 20 வோல்ட்டாக ஏற்றும்போதும், லேப்டாப் அதைத் திரும்ப இறக்கித் தன் பேட்டரியில் போடும்போதும் சூடாகப் போய்விட்டது. தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 74இல் 53 கிடைத்தது எனக்கு ஆச்சரியமில்லை. உங்கள் சரக்கு நல்ல சரக்குதான்.

ஒன்று சொல்கிறேன்: பேட்டரியை நிரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். 100 வரை ஏற்றி, பிறகு அதிலிருந்து இறக்கினால் இரண்டு தடவை நஷ்டம். 80 சதவீதத்தில் ஏற்றத்தை நிறுத்தும் வசதி லேப்டாப்பில் இருந்தால் போட்டுவிட்டு, பவர் பேங்க்கை நேரடியாக ஓட்ட விடுங்கள். இதே 74இல் நாலு மணி நேரம் ஓடும்.

மாடிவீட்டு மீனா

65 எதற்கு? நான் மேக்புக் ஏரை 30 வாட் பவர் பேங்க்கில்தான் இரண்டு வருடமாகச் சார்ஜ் செய்கிறேன். வீண் செலவு.

சால்டரிங் சண்முகம்

உங்களுக்குப் போதும் மேடம், மேக்புக் ஏர் மாடல்கள் பலவற்றோடு வந்த சார்ஜரே 30 வாட்தான். மற்ற லேப்டாப்பில் 30 கொடுத்தால் சிலது ‘மெதுவான சார்ஜர்’ என்று முனகிக்கொண்டே ஏற்றிக்கொள்ளும், சிலது திரும்பியே பார்க்காது. வீடியோ ரெண்டர் போட்டால் செருகியிருக்கும்போதே சதவீதம் இறங்கும்.

கல்லூரிச் சாலை

எனக்கு நடந்தது வேறு. இரவு செருகிவிட்டுத் தூங்கினேன். காலையில் லேப்டாப் செத்துக் கிடக்கிறது, பவர் பேங்க் நாலு விளக்கும் எரிய ஜம்மென்று இருக்கிறது. லேப்டாப்பை அது குடித்துவிட்டது!

சால்டரிங் சண்முகம்

சி போர்ட்டில் யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று இரண்டும் பேசி முடிவு செய்யும். உங்களுக்குத் தலைகீழாக முடிந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பின் அந்த ஓட்டை சார்ஜ் வாங்கும் வகைதானா என்று முதலில் பாருங்கள். எல்லா சி ஓட்டையும் வாங்காது.

வைகைக்கரை

அண்ணே, கடைசியாக ஒன்று. முதல் இருபது நிமிடம் 55 வாட் காட்டுகிறது, பிறகு 30க்கு இறங்கிவிடுகிறது. கேபிளா?

சால்டரிங் சண்முகம்

கேபிள் என்றால் ஆரம்பத்திலேயே 55 வராது. சாதாரண சி கேபிளே 60 வாட் வரை தாங்கும். பவர் பேங்க் சூடாகித் தானே குறைத்துக்கொள்கிறதோ என்று சந்தேகம். எங்கே வைத்திருந்தீர்கள்?

வைகைக்கரை

மெத்தை மேல், தலையணை பக்கத்தில். இன்றைக்குத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

டீக்கடை பெஞ்ச்

நான் இன்னும் போலி என்றுதான் சொல்வேன்.

வைகைக்கரை

தரையில் வைத்தேன். அரை மணி நேரம் 55 நின்றது, பிறகு 45. 30க்குப் போகவில்லை. ஆனால் 45க்கு ஏன் இறங்குகிறது?