திருப்பிப் போட்ட தலைப்புக்கு என்ன சொல்: செங்குத்தா, ஒருக்களியா?

கோவைக்காரர்:
வணக்கமுங்க எல்லாருக்கும். பிடிஎஃப் அட்டவணைய சிஎஸ்வி ஆக்குற மென்பொருள் ஒண்ணுக்கு மெனுவ தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பியாகணும். பத்தி குறுகலா இருக்குதுன்னு தலைப்ப மட்டும் திருப்பி எழுதியிருப்பாங்கல்ல, அதுக்கு ‘செங்குத்துத் தலைப்பு’ன்னு போட்டிருந்தேன். பார்த்தா எழுத்த நேரா நிக்க வெச்சு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குறதுக்கும் தனியா ஒரு ஆப்ஷன் இருக்குதுங்க, அதுக்கும் செங்குத்துன்னுதான் வாயில வருது. நேத்து மஞ்சள் ஏல அட்டவணை ஒண்ணப் போட்டு பார்த்தேன், ‘எடை’ங்கறது ‘டைஎ’ன்னு வருது, ‘தொகை’ ‘கைாதெ’ன்னு வருது. சொல்லும் சொல்லுங்க, இது ஏன்னும் சொல்லுங்க.

பொள்ளாச்சி டீச்சர்:
செங்குத்து நல்ல சொல் தம்பி, அதை ஏன் விடோணும்? செம்மை கூட்டல் குத்து. இங்க செம்மைன்னா சிவப்பு இல்ல, நேர், செங்கோல்ல வர்ற அதே செம். ஆனா நீங்க சொல்ற எழுத்து நேரா நிக்கவே இல்லியே, படுத்துல்ல கிடக்குது, அப்ப ‘செம்’ எப்படி பொருந்தும்னு நானே இப்ப குழம்பிட்டேன்.

கரூர்க்காரர்:
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ரோசனை? பக்கத்த திருப்பி சேவ் பண்ணுனா தீர்ந்துச்சு. எங்க தோட்டத்து பத்திரம் ஸ்கேன்ல படுத்துக்கிட்டு வந்துது, ஒரே பட்டன், நிமிர்ந்திருச்சு.

ஈரோட்டுக்காரர்:
அண்ணா, உங்களுது பக்கமே படுத்த கேசு. இவரோடது பக்கம் நேரா இருக்குது, தலைப்பு எழுத்து மட்டும் படுத்திருக்குது. பக்கத்த திருப்புனா தலைப்பு நிமிரும், கீழ இருக்குற எண்ணெல்லாம் படுத்துக்கும்.

பிடிஎஃப்ல சொல்லுன்னு ஒண்ணு இல்லீங்க, எழுத்தும் அதை எங்க, எப்படி வரையணுங்கற எண்களுந்தான். அதுல முதல் நாலு எண் `1 0 0 1`னா எழுத்து நேரா இருக்குது. `0 1 -1 0`னா தலை இடப்பக்கம் சாஞ்சு கிடக்குது, கீழ இருந்து மேல படிக்கணும். `0 -1 1 0`னா தலை வலப்பக்கம், மேல இருந்து கீழ. எழுத்தளவும் அதுலயே பெருக்கி வரலாம், அதனால 1ஐ தேடாம சைபர் எங்க, கழித்தல் குறி எங்கன்னு மட்டும் பாருங்க. உங்க தலைப்பு இடப்பக்கம் சாஞ்சது, ஆனா மென்பொருள் படுத்த எழுத்து எதுவா இருந்தாலும் மேல இருந்து கீழயே படிச்சிருக்குது.

வேடிக்கை என்னன்னா ‘எடை’ய வரையறப்ப எ, அப்புறம் ை, அப்புறம் ட, இந்த வரிசைலதான் தாள்ல விழும். தலைகீழா படிச்சா ட, ை, எ. ஐகாரக் குறி ட மேல ஒழுங்கா போய் ஒட்டிக்குது, பார்த்தா தமிழ் மாதிரியே இருக்குது, அதான் ஆபத்து. ‘தொகை’ல ஒட்ட எடமில்லாம துணைக்கால் அந்தரத்துல நிக்குது, பெரும்பாலும் புள்ளிவட்டம் காட்டி மாட்டிக்கும். அதனால புள்ளிவட்டம் வரலைங்கறதுக்காக மட்டும் சரின்னு நம்பிராதீங்க. பைத்தான்ல pdfplumber வெச்சிருந்தா புது பதிப்புல இப்படி கேக்கலாம்:

```
page.extract_words(char_dir_rotated="btt")
```

இப்ப ‘எைட’ன்னு வரும். பயந்துக்காதீங்க, திசை சரியாயிருச்சு, குறிய அடுத்த எழுத்துக்குப் பின்னால தள்ளுற வேலை மட்டுந்தான் பாக்கி. இந்த ரெண்டையும் மாத்தி செஞ்சீங்கன்னா, அதாவது ‘டைஎ’ல முதல்ல குறிய தள்ளுனீங்கன்னா, அது ‘டஎை’ ஆகி அப்புறம் என்ன பண்ணுனாலும் சேராது.

பொள்ளாச்சி டீச்சர்:
அப்ப ‘விகடகவி’ன்னு தலைப்பு வெச்சு, இகரக் குறி வகரத்தோட ஒரே எழுத்தா ஒட்டியிருந்தா உங்க மென்பொருள் எந்தப் பக்கம் படிச்சாலும் பாஸ் ஆயிருமே! மாலைமாற்றுங்கறது சும்மாவா.

சென்னிமலைக்காரர்:
தறிக்காரன் சொல்றேன் கேளுங்க. நெடுக்க ஓடறது பாவு, குறுக்க ஓடறது ஊடை. ‘பாவெழுத்து’ன்னு வெச்சா எங்கூர்ல சின்னக் கொழந்தைக்கும் புரியும்.

ஈரோட்டுக்காரர்:
அழகா இருக்குதுங்க, ஆனா பாவு திசைய மட்டுந்தான் சொல்லுது. அடுக்குன எழுத்தும் நெடுக்கத்தான் ஓடுது. எக்செல் கோப்புக்குள்ளயே ரெண்டும் வேறங்க, `textRotation="90"`னா படுத்தது, `255`னா அடுக்குனது. அடுக்குனதுல எழுத்து நேராவே இருக்கறதால அந்த நாலு எண்ணு ஒண்ணும் காட்டிக் குடுக்காது, வரி வரியா ஒத்தை எழுத்து வந்தாத்தான் தெரியும்.

பொள்ளாச்சி டீச்சர்:
பாவெழுத்துன்னா வெளியூர்க்காரங்க பாட்டு எழுத்துன்னு நெனைப்பாங்க, பாவுக்கும் பாவுக்கும் சண்டை. படுத்ததுக்கு ‘ஒருக்களி எழுத்து’ன்னு வைங்க, ஒருக்களிச்சு படுக்கறதுன்னா எல்லாருக்கும் தெரியும், இடப்பக்கம் வலப்பக்கம்னும் சேத்துக்கலாம். மத்தது ‘அடுக்கெழுத்து’. அடுக்குத்தொடரோட குழப்பிக்குவாங்களோன்னு ஒரு சந்தேகம் இருக்குது, இருந்தாலும் பரவாயில்ல.

கரூர்க்காரர்:
மெனுவுல ‘ஒருக்களி’ன்னு பார்த்தா ஒருத்தனும் அமுக்க மாட்டான். ‘திருப்பிய தலைப்பு’ன்னு போடுங்க, போதும்.

கோவைக்காரர்:
திருப்பியதுன்னா தலைகீழா கவுத்ததும் அதுல வந்துருமுங்களே. சரி, நாள் இல்ல, ‘ஒருக்களித்த தலைப்பு’, ‘அடுக்கிய தலைப்பு’ன்னு போட்டு அனுப்பறேன், அமுக்குனா பக்கத்துல ஒரு சின்ன படம் வர்ற மாதிரி கேட்டிருக்கேன். மஞ்சள் அட்டவணைல ‘எடை’ வந்துருச்சுங்க, ‘தொகை’ இன்னும் ‘தொைக’ன்னு நிக்குது, ஒகரம் மட்டும் சேர்ந்து ஐகாரம் எப்படி நழுவுச்சுன்னு தெரியல.

சென்னிமலைக்காரர்:
பாவெழுத்த அடைப்புக்குள்ளயாவது போட்டிருக்கலாம்.