உறைந்த தேனும் முடங்கிய கணக்கும்: மேல்முறையீடா, புதுக் கணக்கா?

மார்த்தாண்டம் தேன்கடை:
இணையச் சந்தையில் என் விற்பனைக் கணக்கு பதினொரு நாளாக முடங்கிக் கிடக்கிறது. பொருளின் உண்மைத்தன்மை குறித்து வாங்கியவர்கள் புகார் செய்திருக்கிறார்கள் என்று அறிவிப்பில் உள்ளது. அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுத்த கலப்படமற்ற தேனைத்தான் விற்கிறேன். மூன்று முறை மேல்முறையீடு அனுப்பியும் மூன்றையும் தள்ளிவிட்டார்கள். 86,000 ரூபாய் தளத்திடம் நிற்கிறது. மனைவி பெயரில் புதுக் கணக்கு தொடங்கிவிடலாமா?

குளச்சல் கரை:
தாராளமாகத் தொடங்குங்கள் அண்ணாச்சி. மேல்முறையீட்டைப் படித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. நான் கருவாடு விற்ற கணக்கு போன பிறகு தம்பி பெயரில் வேறு கணக்கு எடுத்தேன், அது இரண்டு ஆண்டுகளாக ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. வேறு கைப்பேசி எண், வேறு வங்கிக் கணக்கு, வேறு ஜிஎஸ்டி எண் இருந்தால் போதும்.

தக்கலை கணக்கர்:
புதுக் கணக்குப் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இணைய விற்பனையாளர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் என்ற முறையில், மேல்முறையீடு தள்ளப்படும் கடிதங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய மூன்றிலும் என்ன எழுதினீர்கள், பொருள் பக்கத்தில் தேனைப் பற்றி என்ன போட்டிருந்தீர்கள், எந்த மாதத்தில் எடுத்த தேன் எந்த மாதத்தில் எந்த ஊர்களுக்குப் போனது என்ற மூன்றையும் சொன்னால்தான் காரணம் பிடிபடும்.

ஈத்தாமொழி கயிறு:
எனக்கும் போன ஓணம் சமயத்தில் இதே நிலைமைதான். கால்மிதி அனுப்புவதில் தாமதம் ஆகிவிட்டது, கணக்கை நிறுத்தினார்கள். சரக்கை நேரத்துக்குக் கூரியரிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது அண்ணன். நாமே அனுப்பும் ஆர்டர்களில் தாமதம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நாமாக ரத்து செய்வது 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமேசான் விற்பனையாளர் விதிகளிலேயே இருக்கிறது.

தக்கலை கணக்கர்:
நீங்கள் சொல்லும் எண்கள் சரி, ஆனால் இவருக்கு வந்திருப்பது வேறு வகை அறிவிப்பு. தாமதத்தால் வரும் முடக்கத்தில் எதிரே இருப்பது ஒரு சதவீதக் கணக்கு, அது சரியானால் வழி திறக்கும். உண்மைத்தன்மைப் புகாரில் நம் சொல்லையே நம்பாத ஒருவரிடம் ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மார்த்தாண்டம் தேன்கடை:
கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன் அக்கா. முதல் கடிதத்தில், வாங்கியவர்களுக்குத் தேனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினேன். இரண்டாவது, ஒரு காணொளியில் கொடுத்திருந்த ஆயத்தக் கடிதம். மூன்றாவதில் குடும்ப நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். பொருள் பக்கத்தில் 'மலைக்காட்டுத் தேன், ஒருபோதும் உறையாது' என்று போட்டிருந்தோம். அந்தப் படத்தை வேறொருவர் செய்து கொடுத்தார். தேன் மார்ச் மாதம் எடுத்தது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி, லக்னோ பக்கம் அதிகமாகப் போனது. புகார் சொன்னவர்கள், அடியில் சர்க்கரை தங்கியிருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

தக்கலை கணக்கர்:
அந்தப் படத்தில் தெரிவது சர்க்கரை அல்ல, உறைந்த தேன். ரப்பர் தேனில் குளுக்கோஸ் கூடுதலாக இருப்பதால் அது விரைவில் மணல்போலக் கட்டும் என்பது உங்கள் பகுதியில் பெட்டி வைக்கும் எல்லோருக்கும் தெரியும். 14 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில்தான் தேன் மிக வேகமாக உறைகிறது. மார்த்தாண்டத்தில் மாதக்கணக்கில் தெளிவாக நின்ற புட்டி டெல்லியின் ஜனவரிக் குளிரில் சில நாள்களிலேயே வெள்ளையாகிவிடும்.

ஆனால் புகார் சொன்னவர்மேல் பழி போட உங்களுக்கு இடமில்லை. உறையாது என்று எழுதியவர் நீங்கள், உறைந்ததைக் கண்டவர் அவர். பெட்டியில் வளர்த்து ரப்பர் தோட்டத்தில் எடுத்ததை மலைக்காட்டுத் தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேன் சுத்தமானதுதான், பொருள் பக்கம்தான் பொய். மூன்று கடிதங்களிலும் இந்த ஒரு செய்தி இல்லாததால்தான் மூன்றும் திரும்பி வந்தன. தளத்தில் இருப்பவர் தேடுவது மூன்றே செய்திகள்: தவறு எங்கே நடந்தது, இதுவரை என்ன திருத்தினீர்கள், இனி அது நடக்காமலிருக்க எந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறீர்கள். ஆயத்தக் கடிதத்தில் இந்த மூன்று தலைப்பும் இருக்கும், உங்கள் தேன் இருக்காது.

அடுத்தது கொள்முதல் ஆவணம். தேன் எடுப்பவர்களிடம் துண்டுச் சீட்டுதானே வாங்கியிருப்பீர்கள்?

மார்த்தாண்டம் தேன்கடை:
ஆம் அக்கா. நான்கு பேரிடம் எடுத்தேன், மூவருக்கு வங்கி வழியாகப் பணம் போனது. பில் ஒன்றும் கிடையாது.

குளச்சல் கரை:
அதற்கு ஏன் கவலை? தெரிந்த மொத்தக் கடையில் பழைய தேதியிட்டு ஒரு பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் செய்வதுதான்.

தக்கலை கணக்கர்:
தம்பி, இந்த யோசனையைக் கேட்டு யாரும் நடந்துவிடக் கூடாது என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். பில்லில் இருக்கும் கடைக்குத் தளத்திலிருந்து தொலைபேசி போகலாம், ஜிஎஸ்டி எண்ணை எவரும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். தேன் கேள்வியிலிருந்து மீள வழியுண்டு. போலி ஆவணம் என்று ஒருமுறை பதிவானால் அந்தக் கணக்குக்கு அடுத்த கடிதம் எழுதும் வாய்ப்பே இருக்காது. சட்டப்படியும் அது குற்றம்.

இருப்பதை இருப்பதாகவே காட்டுங்கள். நான்கு பேரின் பெயர், ஊர், கொடுத்த தேனின் எடை, தேதி, கையெழுத்து ஆகியவற்றோடு கொள்முதல் வவுச்சர் எழுதி, அதை இன்று எழுதியது என்று இன்றைய தேதியையே போடுங்கள். அதனோடு துண்டுச் சீட்டின் படத்தையும், பணம் போனதைக் காட்டும் வங்கி அறிக்கையின் அந்த வரிகளையும் சேருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் லேபிளில் இருப்பதும் தளத்தில் இருப்பதும் ஒன்றுதானா, முகவரி பொருந்துகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கையில் மீதமிருக்கும் அதே மார்ச் தேனில் ஒரு புட்டியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கரும்பு, சோளச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்பதைக் காட்டும் சி4 சோதனை அதில் கட்டாயம் இருக்க வேண்டும், 7 சதவீதம்வரைதான் விதி அனுமதிக்கிறது.

மார்த்தாண்டம் தேன்கடை:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு அட்டை வைத்திருந்தோம். ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் படம் அனுப்பினால் 50 ரூபாய் யுபிஐயில் போடுவோம் என்று எழுதி, எங்கள் வாட்ஸ்அப் எண்ணையும் போட்டிருந்தோம். அறிவிப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதையும் கடிதத்தில் எழுத வேண்டுமா?

வடசேரி வழக்குரைஞர்:
எழுதக் கூடாது என்பது என் கருத்து. எந்தக் குற்றச்சாட்டு வைக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும், கேட்காத ஒன்றை ஒப்புக்கொண்டால் நாளைக்கு அந்த ஒப்புதலையே காரணமாகக் காட்டித் தொகையையும் நிறுத்தி வைக்கலாம். தவிர, நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-இன்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் எழுதுங்கள்.

தக்கலை கணக்கர்:
ஐயா, அந்தக் கெடு நுகர்வோர் கொடுக்கும் புகாருக்கு உரியது. இவர் அங்கே விற்பவர்.

வடசேரி வழக்குரைஞர்:
சுயதொழிலால் பிழைப்பவரை நுகர்வோர் என்று கொள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விளக்கம் உண்டே. வாதாட இடம் இருக்கிறது. ஆனால் விற்பனையாளர் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருக்கும், அதை முதலில் படித்தாக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தக்கலை கணக்கர்:
அட்டை விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. புகார் செய்தவர்களில் ஒருவர் உறைந்த புட்டியைப் படம் எடுத்தபோது பக்கத்தில் அந்த அட்டையும் விழுந்திருந்தால், தளத்தின் கையில் ஏற்கெனவே அது இருக்கிறது. நட்சத்திரத்துக்குப் பணம் தருவதும், வாங்குபவரைத் தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்புக்கு இழுப்பதும், தனித்தனியாகவே கணக்கை முடக்கும் குற்றங்கள். 'பெட்டிக்குள் வைத்த விளம்பர அட்டையை நிறுத்தி, மீதியை அழித்துவிட்டோம்' என்ற ஒரு வரியாவது இருக்கட்டும் என்கிறேன். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அட்டைகளை இன்றே நெருப்பில் போடுங்கள்.

குளச்சல் கரை:
இவ்வளவு வேலைக்குப் பதிலாகப் புதுக் கணக்கு எளிது என்றுதான் இப்போதும் எனக்குப் படுகிறது. என்னுடையது ஓடுகிறதே.

தக்கலை கணக்கர்:
உங்கள் பழைய கணக்கு முடக்கப்பட்டதா, நீங்களே மூடினீர்களா?

குளச்சல் கரை:
பாக்கியெல்லாம் தீர்த்துவிட்டு நானேதான் மூடினேன். கருவாட்டு நாற்றம் பற்றிய புகார் வந்து சலித்துப்போயிற்று.

தக்கலை கணக்கர்:
வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தம்பிக்கு உண்மையாகவே தனித் தொழில் இருந்து, பழைய கணக்கும் ஒழுங்காக முடிந்திருந்தால் இரண்டாவது கணக்கில் தவறில்லை. முடக்கம் நிலுவையில் இருக்கும்போது, அதே வீட்டு முகவரியிலிருந்து, அதே கணினியில், அதே இணைய இணைப்பில், அதே தேன் புட்டியின் படத்தோடு மனைவி பெயரில் ஒரு கணக்கு எழுந்தால் அதை முடக்கத்தைத் தாண்டும் முயற்சியாகவே தளம் பார்க்கும். அப்போது புதியதும் போகும், பழையதற்கான மேல்முறையீடும் அதோடு செத்துவிடும்.

மார்த்தாண்டம் தேன்கடை (பத்தொன்பது நாள் கழித்து):
புதுக் கணக்கு தொடங்கவில்லை. ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருந்து, நான்காவது கடிதத்தை ஒரே ஒரு முறை அனுப்பினேன். அதன் சாரம் இது:

'எங்கள் பொருள் பக்கத்தில் மலைக்காட்டுத் தேன் என்றும் உறையாது என்றும் எழுதியது தவறு. இது ரப்பர் தோட்டத்துப் பெட்டித் தேன், குளிரில் உறையும். புகார் செய்த ஒன்பது பேருக்கும் முழுத் தொகையைத் திருப்பித் தரச் சம்மதிக்கிறோம். படத்தையும் விவரத்தையும் மாற்றி எழுதி இணைத்திருக்கிறோம். இனி ஒவ்வொரு புட்டியிலும் எடுத்த மாதமும் தொகுதி எண்ணும் இருக்கும், உறைந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கலாம் என்ற குறிப்பு லேபிளிலேயே இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட மாநில ஆர்டர்களை நிறுத்தி வைப்போம்.'

அட்டையைப் பற்றி அக்கா சொன்ன ஒரு வரியையும் சேர்த்தேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. தள்ளுபடி என்று இல்லை. வங்கி வழியாகப் பணம் போகாத நான்காவது தேன்காரரிடம் வாங்கியதற்குக் கூடுதல் சான்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கையில் ரொக்கமாகக் கொடுத்தது 22 கிலோவுக்கு. என்ன காட்டுவது?

வடசேரி வழக்குரைஞர்:
அவரிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கலாம். நோட்டரி கையெழுத்தோடு இருக்கட்டும்.

தக்கலை கணக்கர்:
பத்திரம் ஏற்கப்படுமா என்று எனக்குச் சந்தேகம்தான், இருந்தாலும் அனுப்புங்கள். அதோடு அந்த 22 கிலோவை விற்பனை இருப்பிலிருந்து கழித்துவிட்டோம், மற்ற மூவரின் தேன் மட்டுமே விற்பனைக்கு வரும் என்றும் எழுதுங்கள். சான்று இல்லாத சரக்குக்காகச் சான்று உள்ள சரக்கைப் பணயம் வைக்காதீர்கள். அந்த 22 கிலோவை ஊரிலேயே கடையில் விற்றுக்கொள்ளலாம்.