கார்டு சார்ட்டிங்கில் பாதிப் பேர் துணி வகை, பாதிப் பேர் விசேஷம்: மெனுவை எப்படி அமைப்பது?

வணக்கம். மதுரையில் ஒரு சேலைக் கடையின் வெப்சைட்டுக்கு மெனு அமைக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் கடையிலேயே 16 வாடிக்கையாளர்களை வைத்து ஓப்பன் கார்டு சார்ட்டிங் நடத்தினேன். மொத்தம் 36 கார்டு. குழுக்களுக்குப் பெயரும் அவர்களே வைத்தார்கள்.

முதல் தடவை தவறு என்னுடையதுதான். ஆறு கார்டில் ‘சுங்குடி’ என்ற சொல் இருந்தது. சேலையா, துப்பட்டாவா, நைட்டியா என்று பார்க்காமல், சொல் ஒன்றாக இருக்கிறதே என்று ஆறையும் ஒரே குவியலாக அடுக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, படம் ஒட்டி, போன வாரம் வேறு 15 பேரிடம் மறுபடி செய்தேன். அந்தக் குவியல் கலைந்துவிட்டது.

இப்போது வேறு சிக்கல். 8 பேர் காட்டன், பட்டு என்று துணியை வைத்துப் பிரிக்கிறார்கள். 7 பேர் கல்யாணம், கோயில், தினசரி என்று விசேஷத்தை வைத்து. ஒரு அக்கா ‘முகூர்த்தப் பட்டு’ கார்டைக் கையில் பிடித்தபடி இரண்டு குவியலுக்கும் நடுவே ரொம்ப நேரம் யோசித்தார். எல்லோரையும் சேர்த்துப் போட்டால் பல ஜோடிக் கார்டுகளை ஒரே குவியலில் வைத்தவர்கள் 50 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறார்கள், டென்ட்ரோகிராமில் தெளிவான கிளையே இல்லை. இரு தரப்பையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே சுத்தமாகப் பிரிகின்றன. வயதை வைத்துப் பார்த்தேன், தொடர்பு தெரியவில்லை.

துணி வகையை மெயின் மெனுவாகவும் விசேஷத்தை ஃபில்டராகவும் வைத்து நேராக ட்ரீ டெஸ்ட்டுக்குப் போகலாமா, இல்லை இரண்டு மெனுவையும் தனித்தனியாக ட்ரீ டெஸ்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமா?