புரூஃப் முடிந்த பிறகு 12 பக்கம்: சும்மா செய்வதா, கூலி கேட்பதா?

செல்வி_லேஅவுட்: டெமி அளவில் 176 பக்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு லேஅவுட் செய்கிறேன். பக்கத்துக்கு 50 ரூபாய், அட்டையும் இரண்டு புரூஃப் திருத்தமும் அதில் அடக்கம் என்று வாட்ஸப்பில் பேசினோம். நூலாசிரியர் இரண்டாம் புரூஃபுக்கும் சரி சொல்லிவிட்டார். நேற்று 12 பக்கம் வரும் புதுக் கட்டுரையை அனுப்பி, "நடுவுல சேத்துடும்மா, அப்படியே கிண்டிலுக்கும் போட்டுக் குடுத்துடு" என்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனுஷர். எப்படிச் சொல்வது?

மலையப்பன்: 600 ரூபாய் வேலைக்கு மனஸ்தாபம் எதற்கு? செய்து கொடுங்கள். அடுத்த புத்தகமும் உங்களிடமே வரும்.

பாரம்_பழனி: அடுத்த புத்தகத்திலும் இதையேதான் எதிர்பார்ப்பார். அது 12 பக்க வேலையும் இல்லை, மலையப்பன் சார். 176 என்பது 16 பக்கப் பாரம் சரியாகப் பதினொன்று. 188 ஆனால் பன்னிரண்டாவது பாரம் தொடங்கி, 4 பக்கம் காலியாக நிற்கும். முதுகு தடிப்பதால் அட்டையையும் திரும்பச் செய்யணும். பொருளடக்கம், உள்ளே "94ஆம் பக்கம் பார்க்க" என்று கையால் போட்ட எண்கள் எல்லாம் மாறும். அதில் ஒன்று விட்டுப்போனால் பழி செல்வி மேல்.

ரேவதி: எனக்கும் ஒருத்தர் ஆறு மாசமா பாக்கி வைத்திருக்கிறார். பணம் வராமல் பிடிஎஃப் கொடுக்காதீங்க!

பாரம்_பழனி: இங்கே பாக்கி பிரச்சினை இல்லைம்மா. பேசிய 176 பக்கத்துக்குப் பேசிய பணம் வந்தால் கோப்பைக் கொடுத்துத்தான் ஆகணும். கூடுதல் வேலைக்காக அதைப் பிடித்து வைப்பது முறையல்ல.

செல்வி, 'முடியாது' என்று தொடங்காமல், வழிகளை வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி:

"ஐயா, கட்டுரை படித்தேன். நாம் பேசிய வேலை இரண்டாம் புரூஃபோடு முடிந்தது. இதைக் கடைசியில் சேர்த்தால் மற்ற கட்டுரைகளின் பக்க எண் மாறாது. அட்டை மாற்றத்தோடு 1,100 ரூபாய். நடுவில் என்றால் 1,800. மின்னூல் தனி வேலை, 3,000. இப்போதைய 176 பக்கமே போதும் என்றால் இன்றே அச்சுக்கு அனுப்பலாம். எது என்று எழுதிவிட்டால் தொடங்குகிறேன்."

'மன்னிக்கவும்' வேண்டாம், நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. பதில் எழுத்தில் வரும்வரை கட்டுரையைக் கோப்பில் ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் பேரம் முடிந்தது.

மலையப்பன்: வயசானவருக்கு விலைப்பட்டியலா? போனில் சொன்னால் தன்மையாக இருக்குமே.

பாரம்_பழனி: போனில் பேசட்டும். பேசியதை அன்றைக்கே வாட்ஸப்பிலும் போடட்டும்.

செல்வி_லேஅவுட்: போன் பண்ணிவிட்டு அனுப்பினேன். கடைசியில் சேர்க்கச் சொல்லிவிட்டார், 1,100க்கு ஒத்துக்கொண்டார். ஆனால் கிண்டில் "ஒரு பட்டன் வேலைதானேம்மா" என்கிறார். அதற்கு என்ன சொல்ல?

ரேவதி: அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லச் சொல்லுங்க.